104 விநாடி பின்தங்கிய சர்வர்: கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் ஓடிபி ஏற்காமல் போன நிகழ்வு

பின்னணி

கிருஷ்ணகிரியை ஒட்டியுள்ள ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் நடந்தது இது. ஆலையின் கொள்முதல் கணக்கும் எடைச் சீட்டும் அலுவலகத்தில் உள்ள ஒரே லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. காவேரிப்பட்டணம் கிடங்கு, சந்தூர் கொள்முதல் களம், பர்கூரில் கணக்கரின் வீடு என ஆறு பேர் வெளியிலிருந்து வி.பி.என் வழியாக அதில் நுழைகிறார்கள். நுழைவதற்குக் கடவுச்சொல்லோடு, போனில் உள்ள ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும். சர்வர் பக்கம் அந்த எண்ணைச் சரிபார்ப்பது `libpam-google-authenticator` என்ற தொகுப்பு.

இரண்டு விவரங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சர்வர் என்று பெயரே தவிர, அது மேலாளர் அறையில் இருக்கும் ஒரு பழைய மேசைக் கணினி. இரவு அலுவலகம் பூட்டும்போது அணைத்துவிட்டுப் போவார்கள், காலையில் வருபவர் போடுவார். அடுத்தது, பிப்ரவரி கடைசியில் இணைய இணைப்பை மாற்றியபோது புது ரவுட்டர் வந்தது. இணையம் ஓடியது, வி.பி.என் ஓடியது. அதற்கு மேல் யாரும் எதையும் பார்க்கவில்லை.

கவனித்தவை

மே முதல் வாரம், மாங்காய் லோடு வரத் தொடங்கிய நேரம். சீசன் இல்லாத மாதங்களில் அதிகம் எட்டிப் பார்க்காத மூன்று பேர் அன்று வி.பி.என்-னில் நுழைய முயன்றார்கள். மூவருக்கும் எண் ஏற்கப்படவில்லை.

ஆனால் பழுது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. குழப்பம் நீண்டதற்கு அதுவே காரணம். ஏப்ரல் முழுக்க விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்த கணக்கருக்கு ஒவ்வொரு முறையும் கதவு திறந்தது. கிடங்குப் பொறுப்பாளருக்குப் பாதிக்குப் பாதி. கணினிப் பொறுப்பாளரிடம் அவர் போனில் சொன்னது: "தம்பி, ஆறு நம்பரும் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்கிறேன். ஒரு தடவை விடுது, ஒரு தடவை விடமாட்டேங்குது." சீக்கிரம் அடியுங்கள் ஐயா, எண் மாறிவிடுகிறது என்று அவருக்குப் பதில் போனது. உண்மை இதற்கு நேர்மாறு என்பது பிறகுதான் தெரிந்தது.

கொள்முதல் களத்து மேற்பார்வையாளருக்கும் ஏப்ரலில் இதே பாதிக்குப் பாதி நிலைதான். அவருக்குப் பழைய பதிவை அழித்து, புதிய க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து கொடுத்தார்கள். அதன்பின் அந்தப் பாதியும் போய், ஒரு முறைகூட ஏற்கவில்லை. இந்த நிலையில் அலுவலகத்தில் நிலவிய விளக்கம், கணக்கர் வைத்திருப்பது நல்ல போன், மற்றவர்களுடையது மட்டமான போன் என்பதுதான்.

எண் எப்படிப் பிறக்கிறது

மேற்கொண்டு நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த ஆறு இலக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அதை யாரும் போனுக்கு அனுப்புவதில்லை. விமானப் பயன்முறையில் போட்டாலும் செயலி எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். க்யூஆர் குறியை ஸ்கேன் செய்த அன்று ஒரு ரகசியச் சாவி போனுக்குள் போகிறது, அதே சாவி சர்வரிலும் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு இரண்டும் தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன. விடை ஒன்றாக வந்தால் கதவு திறக்கும்.

கணக்கின் ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் நேரம். 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி கடந்தது என்று எடுத்து, 30-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும். கிடைப்பது கட்ட எண்; ஒவ்வொரு 30 விநாடியும் ஒரு கட்டம். சாவியையும் கட்ட எண்ணையும் எச்மேக் ஷா-1 என்ற கணக்கில் போட்டால் 20 பைட் வருகிறது. கடைசி பைட்டின் கீழ்ப்பாதி எந்த இடத்தைக் காட்டுகிறதோ, அங்கிருந்து நான்கு பைட்டை எடுத்து, முதல் பிட்டை நீக்கி, பத்தடிமான எண்ணாக மாற்றி, கடைசி ஆறு இலக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். 2011-இல் வெளியான ஆர்.எஃப்.சி 6238 சொல்வது இதைத்தான். நேரத்துக்குப் பதில் வெறும் எண்ணிக்கையை வைத்துச் செய்யும் 2005-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி 4226 அதன் அடிப்படை.

சோதனைக்கென்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாவி அந்த ஆவணங்களிலேயே இருக்கிறது. அதை வைத்து 59-ஆவது விநாடிக்குக் கணக்குப் போட்டால், 59-ஐ 30-ஆல் வகுக்கக் கட்ட எண் 1:

```
$ oathtool --totp -b GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ \
    --now "1970-01-01 00:00:59 UTC"
287082
```

உள்ளே நடப்பது இது:

```
75a48a19d4cbe100644e8a c1397eea 747a2d33ab
ab -> b = 11
c1397eea -> 41397eea = 1094287082 -> 287082
```

கடைசி பைட் `ab`, அதன் கீழ்ப்பாதி `b`, அதாவது 11. சுழியத்திலிருந்து எண்ணினால் 11-ஆவது இடத்தில் தொடங்கும் நான்கு பைட் `c1397eea`. மேல் பிட்டை நீக்கினால் 1094287082, அதன் கடைசி ஆறு இலக்கம் விடை.

கட்ட எண் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ விடை மொத்தமாக மாறிவிடும். 287082-க்கு அடுத்த கட்டத்தின் எண் 359152. இரண்டுக்கும் எந்தச் சாயலும் இல்லை. ஆகவே சர்வரால் 'கிட்டத்தட்டச் சரி' என்று எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்துக் கட்டங்களுக்கும் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முடியும். இந்தத் தொகுப்பு இயல்பாக மூன்று கட்டங்களைப் பார்க்கும்: நடப்பு, ஒன்று முன், ஒன்று பின்.

இந்தியாவில் ஐந்தரை மணி நேரம் கூடுதல், சர்வர் வேறு நேரத்தில் இருக்கிறது, அதனால்தான் ஒத்துவரவில்லை என்று ஒருவர் சொன்னதாகவும் கேட்டேன். கணக்கு உலகப் பொது நேரத்தில் நடப்பதால் நேர மண்டலம் அதைத் தொடாது. ஒரு விலக்கு உண்டு. போனில் மண்டலம் தப்பாக இருக்க, திரையில் தெரியும் மணியை மட்டும் கையால் 'சரி' செய்தால், உள்ளே பொது நேரம் மணிக்கணக்கில் விலகிவிடும்.

முதல் நாள்: சோதனையும் முடிவும்

கணினிப் பொறுப்பாளர் முதலில் போன்களைத்தான் பார்த்தார். எல்லாவற்றிலும் தானியங்கி நேரம் இயக்கத்தில் இருந்தது, ஒன்றுக்கொன்று விநாடி சுத்தமாக ஒத்துப்போயின. ஆறு போனும் ஒரே மாதிரி கெட்டிருக்க வாய்ப்பில்லை என்பதால் சர்வர் பக்கம் திரும்பினார். இது சரியான வரிசை என்பது என் எண்ணம். போனைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், அதோடு பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

சர்வரில் `date` போட்டுப் பார்த்தபோது போனைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் பின்னால் இருந்தது. உறுதி செய்ய அவர் செய்த சோதனை அழகானது. கொள்முதல் களத்து மேற்பார்வையாளரிடம், இப்போது திரையில் இருக்கும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றரை நிமிடம் கழித்து அதை அடியுங்கள் என்றார். போனிலிருந்து மறைந்து போன அந்தப் பழைய எண்ணைச் சர்வர் ஏற்றுக்கொண்டது.

ஏன் என்று எண்களிலேயே பார்க்கலாம். உண்மை நேரம் 1700000000-ஆவது விநாடி என்று வைத்துக்கொள்வோம். போனின் கட்ட எண் 56666666. சர்வர் 104 விநாடி பின்னால் இருப்பதால் அதற்கு அது 1699999896-ஆவது விநாடி, கட்ட எண் 56666663. வித்தியாசம் 3. விநாடி விழும் இடத்தைப் பொறுத்து 4-ஆகவும் இருக்கும். சர்வர் பார்ப்பதோ ஒரு கட்டம் முன்னும் பின்னும்தான், அதனால் புத்தம் புது எண் ஒருபோதும் செல்லாது. காத்திருந்தால் சர்வரின் கடிகாரம் நடந்து நடந்து அந்தக் கட்டத்தை வந்தடையும், பழைய எண் செல்லும். சர்வர் முந்தி ஓடினால் நிலைமை எதிர்மாறு: எவ்வளவு காத்திருந்தாலும் பலன் இருக்காது. எந்தப் பக்கம் விலகல் என்பதை சர்வரைத் தொடாமலே இந்த ஒரு சோதனை சொல்லிவிடும். கிடங்குப் பொறுப்பாளரைச் சீக்கிரம் அடிக்கச் சொன்னது அவருடைய வாய்ப்பைக் குறைத்திருக்கிறது.

விலகலின் காரணமும் சீக்கிரமே தெரிந்தது.

```
$ timedatectl
System clock synchronized: no
              NTP service: active
```

நேரத்தை ஒத்திசைக்கும் சேவையான குரோனி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் `chronyc sources` காட்டிய எல்லா வரியிலும் Reach என்ற இடத்தில் 0. கேள்வி போகிறது, பதில் வரவில்லை என்று பொருள். புது ரவுட்டர் யூ.டி.பி 123 போர்ட்டை அடைத்திருந்தது. நேரத்தைக் கேட்டுப் பெறும் நெறிமுறையான என்.டி.பி அந்த வழியாகத்தான் போகும்.

இரவெல்லாம் அணைந்திருக்கும் கணினி காலையில் எழும்போது, மதர்போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஒத்திசைவு இருந்தவரை அந்தச் சிறு கடிகாரமும் தினமும் திருத்தப்பட்டு வந்தது. ரவுட்டர் மாறியபின் திருத்த ஆளில்லை. நாளொன்றுக்கு ஒன்றரை விநாடி தாமதம், பத்து வாரத்தில் நூறு விநாடியைத் தாண்டியது. மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு இந்த அளவு விலகல் இயல்பு, பழுதென்று சொல்ல முடியாது.

இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. `WINDOW_SIZE` என்ற அமைப்பை 17 ஆக்கினால் சர்வர் முன்னும் பின்னும் எட்டு கட்டங்கள், அதாவது நான்கு நிமிடம் வரை பார்க்கும், எல்லோரும் அந்த நிமிடமே உள்ளே போகலாம். லோடு காத்திருந்ததால் மேலாளர் இதையே விரும்பினார். கணினிப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். ஒரே நேரத்தில் மூன்று எண் செல்வதற்குப் பதில் 17 எண் செல்லும், குருட்டாம்போக்கில் ஊகிப்பவனுக்கு அது சாதகம். அதைவிட முக்கியம், கடிகாரம் தொடர்ந்து பின்தங்கும், ஏறக்குறைய மூன்று மாதத்தில் நான்கு நிமிடமும் தீர்ந்து அதே இடத்தில் வந்து நிற்பார்கள்.

மற்ற வழி கடிகாரத்தைச் சரிசெய்வது. ஆனால் பகலில் செய்தால் எடைச் சீட்டுகளின் நேரத்தில் திடீரென்று ஒரு தாவல் விழும், கேள்வி வரும். எனவே மாலை எடை முடிந்தபின் என்று முடிவானது. அதுவரை வேலை நிற்காமலிருக்க, பதிவின்போது அச்சடித்து பீரோவில் வைத்திருந்த அவசர எண்களில் ஒவ்வொன்றை மூன்று பேருக்கும் போனில் சொன்னார்கள். அந்த எட்டு இலக்க எண்களுக்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்தது. பதிவுக்கு ஐந்துதான் கிடைக்கும் என்பதால் சிக்கனமாகவே கொடுத்தார்கள்.

மாலையில் ரவுட்டரில் வெளியே போகும் யூ.டி.பி 123 திறக்கப்பட்டது. சில விநாடிகளில் குரோனி தானே நேரத்தைத் தாவவைத்தது. கடிகாரம் 104 விநாடி தவறு என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. ஓடிபி ஏற்காத மூவரும் இரவே முயன்று பார்த்தார்கள், மூவருக்கும் முதல் முறையிலேயே கதவு திறந்தது.

இரண்டாம் நாள்: தலைகீழ்

மறுநாள் காலை கணக்கரிடமிருந்து போன்: "சார், நேத்து வரைக்கும் எனக்கு நல்லாத்தானே வந்துச்சு. என்ன பண்ணீங்க?" கிடங்குப் பொறுப்பாளருக்கும் இப்போது ஒரேயடியாக ஏற்கவில்லை. நுழைய முடியாதவர்கள் நுழைகிறார்கள், நுழைந்துகொண்டிருந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். என்னைக் கூப்பிட்டது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தத் தொகுப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் அடுத்தடுத்த கட்டங்களின் மூன்று எண்களை வரிசையாக அடித்து மூன்றும் தவறினால், அவை மூன்றும் ஒரே அளவு விலகிய நேரத்தில் பொருந்துகின்றனவா என்று அது தேடிப் பார்க்கும். பொருந்தினால், இவர் சரியான ஆள்தான், கடிகாரம்தான் விலகியிருக்கிறது என்று முடிவு செய்து, அந்த விலகலை அவருடைய கோப்பில் எழுதிக்கொள்ளும். அதன்பின் அவருக்கு மட்டும் அந்த விலகலைக் கூட்டியே கணக்குப் போடும். கணக்கரின் `.google_authenticator` கோப்பில் இந்த வரி இருந்தது:

```
" TIME_SKEW 3
```

கிடங்குப் பொறுப்பாளருடையதில் 2. இதோடு எல்லாப் புதிரும் அவிழ்ந்தது. கணக்கர் விடுப்பு முடிந்து வந்தபோது விலகல் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டியிருந்தது. எண் ஏற்காதபோது விடாமல் அடுத்த எண், அதற்கடுத்த எண் என்று அடித்திருக்கிறார், சர்வர் 3 என்று கற்றுக்கொண்டது. அதனால் 2 முதல் 4 கட்டம் வரை முந்திய எண்கள் அவருக்குச் செல்லும், 104 விநாடி விலகலில் வரக்கூடிய 3, 4 இரண்டும் அதற்குள் அடக்கம். கிடங்குப் பொறுப்பாளருக்கு ஏப்ரல் தொடக்கத்தில், விலகல் ஒரு நிமிடத்தைத் தாண்டியபோதே 2 என்று பதிவாகிவிட்டது. அவருக்கு 1 முதல் 3 வரை. வித்தியாசம் 3-ஆக இருந்தால் விடும், 4-ஆக இருந்தால் விடாது. அவர் சொன்ன 'ஒரு தடவை விடுது' சொல்லுக்குச் சொல் உண்மை.

களத்து மேற்பார்வையாளருக்குப் புதிய க்யூஆர் கொடுத்தபோது கோப்பே புதிதாகிவிட்டது, கற்றுவைத்திருந்த விலகலும் அதோடு போனது. கடிகாரம் சரியானபின் வித்தியாசம் சுழியம். ஆனால் கணக்கரிடமிருந்து சர்வர் இன்னும் வராத நேரத்தின் எண்ணை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

இரு கோப்புகளிலும் அந்த ஒரு வரியை நீக்கினோம். சாவியைத் தொடவில்லை, க்யூஆர் மறுபடி ஸ்கேன் செய்யவில்லை. இருவருக்கும் உடனே ஏற்றது. மற்ற கோப்புகளிலும் `grep TIME_SKEW` போட்டுப் பார்த்தோம், வேறு எதிலும் இல்லை.

பின்விளைவு

பிறகு இந்தப் பழுது வரவில்லை. ரவுட்டரில் போர்ட் திறந்த நிலை நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டது. நேரத்துக்கான மூலமாக `time.nplindia.org`, `samay1.nic.in` இரண்டும் குரோனியில் சேர்க்கப்பட்டன. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரத்தை என்.ஐ.சி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்கிறது என்பதும் ஒரு காரணம்.

மாற்றியதும் மாற்றாததும்

விலகலைக் கற்றுக்கொள்ளும் பழக்கத்தை `noskewadj` என்று எழுதி நிறுத்திவிட்டோம். இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கடிகாரம் தப்பான போன் வைத்திருப்பவருக்கு அது ஒரு வசதி, இனி அவர் உள்ளே வர முடியாது. ஆனால் இந்த ஆலையில் அந்த வசதிதான் ஒரு மாதத்துக்கு மேல் பழுதை மறைத்தது, ஆளுக்கொரு விதமாகவும் காட்டியது. எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றிருந்தால் ஏப்ரலிலேயே சர்வரைப் பார்த்திருப்பார்கள்.

காலையில் சர்வரைப் போடுபவர் `timedatectl` வெளியீட்டில் அந்த ஒரு வரி yes என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது புதிய வழக்கம். ரவுட்டர் மாற்றினால் அன்றே இதைப் பார்ப்பது என்று மேலாளரின் குறிப்பேட்டிலும் ஏறியிருக்கிறது. ஓடிபி ஏற்கவில்லை என்று புகார் வந்தால், எண்ணை எழுதிவைத்து ஒன்றரை நிமிடம் கழித்து அடித்துப் பார்த்த பிறகே க்யூஆரை மாற்றுவது என்றும் முடிவானது. மூன்று கட்டச் சாளரம் அப்படியே இருக்கிறது.

இரவில் அணைக்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. மதர்போர்டுக் கடிகாரம் இரவில் ஒரு விநாடி தவறினாலும் காலையில் இணையம் வந்ததும் திருத்தப்பட்டுவிடும். ஒத்திசைவு மறுபடி நின்றால், நாளுக்கு ஒன்றரை விநாடி என்ற கணக்கில் 30 விநாடி சேர மூன்று வாரம் ஆகும். அதன்பின் பயனர்களுக்கு அவ்வப்போது தவறத் தொடங்கும், ஆறாவது வாரத்தில் அடியோடு நிற்கும்.